ஏழு அதிரசம் காணவில்லை

ஏப்ரல் முதல் தேதி வந்தால் எங்கள் தெருவில் உருளைக்கிழங்குக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். கிழங்கைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் பிளேடால் ஏ, எஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்தைச் செதுக்குவோம். ஏ-யில் வில்லங்கம் இல்லை. எஃப்பைத் திருப்பிச் செதுக்க வேண்டும், இல்லையென்றால் சட்டையில் இடவலம் மாறி விழும். மையில் தொட்டு, முன்னால் போகிறவன் முதுகில் ஒரு அமுக்கு. என் தம்பியின் வெள்ளைச் சீருடையில் நான் அடித்த முத்திரை கடைசிவரை போகவில்லை. அவன் அதோடுதான் அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் போனான். சிரித்தது நான், துவைத்தது அம்மா, டீச்சரிடம் திட்டு வாங்கியது அவன்.

இப்போது பெரியக்கா கோயம்புத்தூரில், தம்பி சென்னையில், நானும் அம்மாவும் கோவில்பட்டியில். கிழங்கின் இடத்தை வாட்ஸ்ஆப் பிடித்துக்கொண்டது. கறை படியும் விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதை நான் ஒரு பூனையால் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பூனை, தம்பி விட்டுப்போன பழைய டிராவல் பேக்குக்குள் மூன்று குட்டி போட்டது. அவனுக்கு அந்தப் பூனை என்றால் உயிர். கொஞ்சம் பதற வைத்து அப்புறம் படம் அனுப்பலாம் என்று நினைத்து, "உடனே வீட்டுக்கு போன் பண்ணு. மெசேஜ்ல சொல்ல முடியாது" என்று தட்டிவிட்டேன். அவன் கூப்பிட்டதும் குட்டிகளை வீடியோவில் காட்டுவது என் திட்டம். அனுப்பி இரண்டு நிமிஷத்தில் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. கரண்ட்டும் இல்லை. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி அப்போது பைக்கில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தான். சிக்னலில் நின்றபோது திரையில் அந்த இரண்டு வரியைப் பார்த்திருக்கிறான். எனக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அம்மாவுக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து நான் அவனைப் பிடித்தபோது லீவு சொல்லிவிட்டு, ஊருக்கு வர பஸ்ஸுக்கு எங்கே போய் ஏறுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். "பூனை குட்டி போட்டிருக்குல, மூணு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்பாவுக்கு ஆனப்பவும் இதத்தான் அனுப்புன சின்னக்கா" என்றான். வைத்துவிட்டான்.

எனக்கு அது நினைவிலேயே இல்லை. தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

ஒவ்வொரு குடும்பத்திலும் சில வாக்கியங்கள் ஏற்கெனவே வேறொரு நாளில் செலவழிந்து போனவை. அதை அனுப்பியவர் மறந்திருப்பார், வாங்கியவர் மறந்திருக்க மாட்டார். அதனால் "உடனே கூப்பிடு", "பயப்படாத", "ஒண்ணுமில்ல, ஆனா" என்று தொடங்கும் எதையும் வேடிக்கைக்கு நான் தொடுவதில்லை. பெரியக்கா ஒருமுறை, இன்று இரவு கரண்ட் கட் பண்ணப்போகிறோம், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று வரும் மோசடி மெசேஜ் மாதிரி ஒன்று எழுதி அவனுக்கு அனுப்பலாம் என்றாள். வேண்டாம் என்றேன். அது திருடர்களின் பாஷை. அதில் விளையாடப் பழகிவிட்டால், உண்மையான திருடன் வரும் நாளில் "சின்னக்கா வேலையாத்தான் இருக்கும்" என்று அவன் சிரித்துக்கொண்டே நம்பரை அழுத்துவான். போலீஸ், பேங்க், ஓடிபி எல்லாம் இதே கணக்குதான். லிங்க் என்ற ஒன்று என் குறும்பு மெசேஜ் எதிலும் இருக்காது.

பூனைக்குப் பிறகு இரண்டு மாதம் அவன் என் மெசேஜுக்குக் கட்டை விரல் மட்டும் காட்டினான். இன்னொரு வேடிக்கைக்குத் துணிய எனக்கு ரொம்ப நாளாயிற்று. போன தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, எங்கள் மூன்று பேர் குழுவில் இதைப் போட்டேன். மாமா சித்தி எல்லாம் இருக்கும் பெரிய குழுவில் போடவில்லை. அங்கே போட்டால் யாராவது ஒரு சித்தப்பா அதை நிஜமென்று நினைத்து நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்வார்.

"வீட்டுப் பலகாரத் தணிக்கைக் குழு – அறிவிப்பு.

பொருள்: அதிரசம் காணாமற்போனது தொடர்பாக.

டப்பா எண் 2 (எவர்சில்வர், மூடியில் நசுங்கல் உள்ளது). தீபாவளிக்கு முதல் நாள் இரவு 9 மணி இருப்பு: 41. மறுநாள் காலை 5 மணி இருப்பு: 34. வித்தியாசம்: 7. அன்றிரவு சமையலறைக்கு அடுத்த அறையில் படுத்திருந்தவர் தம்பியாகிய தாங்களே. பூனையிடம் விசாரணை முடிந்தது. அது வெல்லம் சாப்பிடுவதில்லை என நிரூபித்துவிட்டது. தங்கள் விளக்கத்தை 10 நிமிடத்துக்குள் எழுத்து மூலம் அளிக்கவும். தவறினால் பொங்கலுக்குத் தங்கள் கரும்புப் பங்கு மறுபரிசீலனை செய்யப்படும்."

இதில் நான் கணக்குப் போட்டுச் செய்தவை சில உண்டு. பூட்டிய திரையில் ஒரு மெசேஜின் ஆரம்பம் மட்டும்தான் தெரியும். நீளமான மெசேஜ் என்றால் உள்ளே போனாலும் பாதியில் மடித்து வைத்துவிடும், தட்டினால்தான் மீதி விரியும். ஆகவே கடைசியில் சிரிப்பு வருமே என்று நம்பி முதலில் பயமுறுத்தக் கூடாது. முதல் இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு ஒருவர் போனை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்க முடிய வேண்டும். "பலகாரத் தணிக்கைக் குழு", "அதிரசம்" என்று படித்துவிட்டு யாரும் பைக்கைத் திருப்ப மாட்டார்கள்.

அடுத்தது அந்த எண். 40 என்று போட்டிருந்தால் கதை விடுகிறாள் என்று உடனே தெரிந்திருக்கும். 41 என்றால் யாரோ நிஜமாகவே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்று தோன்றும். மூடி நசுங்கல் உண்மை. தம்பிதான் சின்ன வயதில் அதைக் கிரிக்கெட் ஸ்டம்ப்பாக வைத்து நசுக்கினான். சுற்றியிருக்கும் எல்லாம் உண்மையாக இருந்து நடுவில் ஒன்று மட்டும் பொய்யாக இருந்தால் போதும். குற்றச்சாட்டு மட்டும், ஒப்புக்கொண்டாலும் மானம் போகாததாக இருக்க வேண்டும். அவன் உடம்பு பெருத்தது, சம்பளம், இன்னும் பெண் அமையாதது, இவற்றில் எதைத் தொட்டாலும் அவன் பதிலுக்குச் சிரிப்பான்தான். நம்பக் கூடாத சிரிப்பு அது.

அவன் ஆன்லைனில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஒற்றை டிக்கில் நிற்கும் மெசேஜ் எந்த நேரத்தில், எந்த இடத்தில் போய்ச் சேரும் என்று நம் கையில் இல்லை. அனுப்பிவிட்டு அழிக்கலாமே என்பார்கள். இரண்டு நாளுக்குள் எல்லோருக்குமாக அழிக்கலாம், பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்தவும் செய்யலாம். படித்ததை யார் அழிப்பது? "மெசேஜ் நீக்கப்பட்டது" என்று வெறுமனே நிற்பது படித்ததைவிட மோசம். குட்டை உடைக்கும் படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன். போனில் 90 சதவீதம் சார்ஜ். அம்மாவிடமும் சொல்லி வைத்திருந்தேன், ஏனென்றால் சந்தேகம் வந்தால் அவன் முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

அவன் பார்த்துவிட்டான். டைப் செய்கிறான், நிறுத்துகிறான், மறுபடி டைப் செய்கிறான்.

"நான் நாலுதான் எடுத்தேன். மத்ததுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல."

எனக்கு வந்த சிரிப்பில் போன் கையிலிருந்து நழுவியது. எண்ணவே எண்ணாத டப்பாவுக்கு வாக்குமூலம் வருகிறது! அதற்குள் பெரியக்கா உள்ளே வந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "ராத்திரி ரெண்டு, காலையில எண்ணெய் தேய்க்குமுன்ன மூணு. பிள்ளைகளுக்குன்னு எடுத்தேன்" என்று போட்டாள். பிள்ளைகளுக்கு என்பதை யாரும் நம்பவில்லை. தம்பி அம்மாவுக்கு அடித்தான். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"ஏம்மா, யாரும்மா எண்ணுனது?"

"எனக்கென்னப்பா தெரியும், அவகிட்ட கேளு" என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்த அம்மா, அடுத்த மூச்சில், "நான் ஒண்ணே ஒண்ணுதான்டா எடுத்தேன், பதம் பாக்க" என்றாள்.

காணாமல் போனது ஏழு. ஒப்புக்கொண்டது பத்து.

எட்டாவது நிமிஷத்தில் படத்தைப் போட்டேன். புதிதாகச் சுட்ட அதிரசம் 20, நசுங்கிய மூடிக்குப் பக்கத்தில், மேலே அவன் பெயர் எழுதிய சீட்டு. "யாரும் எண்ணல. 41 நானா அடிச்சுவிட்டது. உனக்குள்ளத நேத்தே கூரியர்ல போட்டாச்சு." சொன்ன பத்து நிமிஷம் முடியும்வரை இழுக்கவில்லை. எட்டாவது நிமிஷம் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் அவனும் பெரியக்காவும் யார் அதிகம் தின்றது என்று நிஜமாகவே சண்டை பிடித்திருப்பார்கள். அந்தப் பாதை எனக்குப் பழக்கம். முதலில் சோறு, அப்புறம் அம்மா யாருக்கு அதிகம் செய்தாள், அப்புறம் 1998-இல் யாருக்கு சைக்கிள் கிடைத்தது. அதற்கு முன்னால் உடைத்துவிட வேண்டும்.

அவன் திட்டி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். பெரியக்கா தனக்குத் தனியாக ஒரு டப்பா கேட்டாள், அதையும் செய்ய வேண்டியதாயிற்று. வேடிக்கை என் சொந்தச் செலவில்தான் முடிந்தது, அதில் வருத்தமில்லை.

பத்து நாள் கழித்து டப்பா கூரியரில் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து அனுப்பியிருந்தான், ஆச்சரியம்தான். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள்.

"அனுப்பியதாகச் சொன்னது: 20. பெற்றுக்கொண்டது: 19. தங்கள் விளக்கத்தை 10 நிமிடத்துக்குள் அளிக்கவும்."

நான் இருபது எண்ணித்தான் வைத்தேன். டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டியது அம்மா. தாளைச் சத்தமாகப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா பூனைக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள்.