ஆறு ஸ்லைடில் ஒரு மீடியா கிட்

மதுரையில் சமையல் ரீல்ஸ் போடும் பெண் ஒருவர், பிராண்டுகளுக்கான தன் மீடியா கிட்டை இன்ஸ்டாகிராமிலேயே கேரசலாகப் போட்டு, ப்ரொஃபைலின் தலையில் பின் செய்து வைத்திருக்கிறார். 2024 முதல் ஒரு கேரசலில் 20 படம் வரை வைக்கலாம். இவர் வைத்திருப்பது ஆறே ஆறு. 1080-க்கு 1350 பிக்சல் அளவு. போனைக் கை நீட்டிப் பிடித்தாலும் படிக்க முடிகிற எழுத்து.

இதில் அவர் அதிகம் மெனக்கெட்டது பார்வை எண்ணிக்கைக்குத்தான். அவருடைய கடைசிப் பத்து ரீல்ஸில் ஒன்பது, 9,000 முதல் 14,000 பேர் வரை பார்த்தவை. பத்தாவது ரீல் மட்டும் கருப்பட்டிப் பணியாரம். அது எப்படியோ ஓடி 4,08,000 பார்வையைத் தொட்டுவிட்டது. பத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி 51,000 வருகிறது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தால் 11,500தான்.

“51,000-னு போட்டிருந்தா பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அடுத்த ரீல் 12,000-ல நின்னா, காசு கொடுத்தவங்க என்னைத்தானே கேப்பாங்க?” என்கிறார். அதனால் ஸ்லைடில் ‘வழக்கமாக 9,000 – 14,000’ என்று பெரிதாகவும், பணியார ரீலின் எண் தனியே கீழேயும் இருக்கின்றன. இதுதான் சரி. பிராண்டில் இருப்பவர் ப்ரொஃபைலைத் திறந்து ரீல்ஸ் வரிசையை ஒருமுறை தள்ளினாலே ஒவ்வொன்றின் பார்வையும் தெரிந்துவிடும். அந்த இடத்தில் கணக்கு உதைத்தால், மற்ற ஸ்லைடுகளையும் அவர் நம்ப மாட்டார்.

அடுத்தது பார்வையாளர் ஸ்லைடு. வயது, ஆண் பெண் விகிதம், முதல் ஐந்து ஊர்கள், முதல் நாடுகள் எல்லாம் இன்சைட்ஸிலேயே கிடைக்கும். இவரைப் பின்தொடர்பவர்களில் கணிசமானோர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக்குள் மட்டும் டெலிவரி செய்யும் கடைக்கு அந்தப் பார்வையாளர்களால் பயனில்லை. ஏற்றுமதி செய்யும் மசாலா கம்பெனிக்கு அவர்கள்தான் முக்கியம். எந்தத் தேதியில் எடுத்த எண்கள் என்பதும் ஸ்லைடின் ஓரத்தில் இருக்கிறது. தேதி இல்லாத ஸ்கிரீன்ஷாட் போன வருடத்துடையதாகவும் இருக்கலாம் அல்லவா?

முன்பு செய்த வேலைகளில் மூன்றை மட்டும் காட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி: பிராண்ட் என்ன கேட்டது, என்ன நடந்தது. தன் காசில் வாங்கிச் சமைத்துக் காட்டிய மிக்ஸியின் ரீல் நன்றாக ஓடியிருந்தாலும், அதன் மேல் ‘நானே வாங்கியது’ என்று எழுதியிருக்கிறார். லோகோவை மட்டும் வரிசையாக ஒட்டிவைத்தால், எது காசு வாங்கிச் செய்தது, எது தானாகச் செய்தது என்று பார்ப்பவருக்குப் புரியாது.

ஐந்தாவது ஸ்லைடில்தான் பேரம் தொடங்குகிறது. மூன்று வழி தருகிறார்: ஒரு ரீல், ரீலோடு மூன்று ஸ்டோரி, தன் பக்கத்தில் போடாமல் பிராண்டுக்கே எடுத்துத் தரும் வீடியோ. விலை போடவில்லை, ஆனால் விலையை மாற்றக்கூடிய விஷயங்களைப் போட்டிருக்கிறார். அந்த ரீலை பிராண்ட் தன் விளம்பரமாக எத்தனை நாள் ஓட்டலாம், எத்தனை நாள் அதே வகைப் பொருளை வேறு யாருக்கும் செய்யக்கூடாது, திருத்தம் எத்தனை முறை. இந்த மூன்றையும் முதலிலேயே பேசாமல் போனால், ரீலுக்கு வாங்கிய காசிலேயே மாதக்கணக்கில் முகம் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

செக்கு எண்ணெய் கம்பெனி ஒன்று இந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு, “மேடம், ரெண்டாவது ஆப்ஷன், முப்பது நாள் விளம்பரம், அதுவரைக்கும் வேற எண்ணெய் வேண்டாம்” என்று ஒரே மெசேஜில் கேட்டது. அவர் ரீலுக்கு ஒரு தொகை, விளம்பர உரிமைக்கு ஒரு தொகை, ஒரு மாதம் மற்ற எண்ணெயை ஒதுக்குவதற்கு ஒரு தொகை என்று பிரித்து அனுப்பினார். பட்ஜெட் இடித்தபோது கம்பெனி மூன்றாவதை விட்டுக்கொடுத்தது. ரீலின் விலை குறையவில்லை.

அதே ஸ்லைடின் அடியில் இன்னும் இரண்டு வரி உண்டு. ஒன்று, கட்டணப் பதிவு எதுவானாலும் விளம்பரம் என்ற லேபிளோடுதான் வரும். இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-லேயே இதை விதியாக்கிவிட்டது. இன்னொன்று, காசுக்குப் பதில் பொருள் தருபவர்களுக்கு. திருப்பிக் கேட்காத பொருளின் மதிப்பு வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் என்பது 2022 ஜூலையில் வந்த விதி. விலை உயர்ந்த அடுப்பை இலவசமாக அனுப்புகிறோம் என்று கேட்பவர்களிடம், அந்த வரியை யார் கட்டுவது என்று பார்சல் கிளம்பும் முன்பே பேசிவிடுகிறார்.

ஆறாவது ஸ்லைடில் மெயில் முகவரி மட்டும். படத்தில் இருக்கும் முகவரியைத் தொட்டால் எதுவும் திறக்காது என்பதால், அதே முகவரியை பயோவிலும் கேப்ஷனிலும் போட்டிருக்கிறார். பதிவேற்றிய கேரசலில் ஒரு படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுப்படம் வைக்க முடியாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களைப் புதுப்பித்து, கேரசலைப் புதிதாகப் போட்டுப் பின் செய்துவிட்டு, பழையதை ஆர்கைவுக்கு அனுப்பிவிடுகிறார்.