1 இன்ச் கயிறுன்னா எவ்வளவு தடிமன்?

போன செமஸ்டர் லீவுல ஒரு படகு ரிப்பேர் யார்டுல இன்டர்ன்ஷிப் பண்ணேன். ஒரு பழைய மரப்படகுக்கு நங்கூரக் கயிறு ஆர்டர் பண்ணணும். நம்ம டிராயிங்ல 24 மி.மீ. விட்டம். சப்ளையர் கேட்லாக்ல எல்லாமே இன்ச். 25.4-ஆல வகுத்தேன், 0.94 வந்துச்சு. "1 இன்ச்"னு எழுதிட்டேன். ஸ்டோர்ல இருந்த அண்ணன் பார்த்துட்டு, "தம்பி, இந்தக் கயித்துல இந்தப் படகு நிக்காது"ன்னார்.

காரணம் இதுதான். பழைய பிரிட்டிஷ் வழக்கத்துல கப்பல் கயிறுகளோட அளவை விட்டத்துல சொல்ல மாட்டாங்க, சுற்றளவுல சொல்வாங்க. அந்த கேட்லாக்கும் அப்படித்தான். அதுல 1 இன்ச்னா சுற்றளவு 1 இன்ச், அதாவது வெறும் 8 மி.மீ. விட்டம்!

சரியான கணக்கு ரொம்ப சிம்பிள். விட்டத்தை πஆல பெருக்கினா சுற்றளவு மி.மீ.ல வரும். அதை 25.4-ஆல வகுத்தா இன்ச். 24 × 3.1416 = 75.4 மி.மீ. அதை 25.4-ஆல வகுத்தா 2.97. ஆக, நாம கேட்க வேண்டியது 3 இன்ச் கயிறு. பெரிய லிஸ்ட்டா இருந்தா எக்செல்ல இப்படிப் போடலாம்:

```
=A2*PI()/25.4
```

மனக்கணக்குக்கு மி.மீ.யை 8-ஆல வகுத்தாலே போதும். 16 மி.மீ.னா 2 இன்ச், 12 மி.மீ.னா ஒன்றரை இன்ச். பிழை சுமார் 1 சதவீதம்தான்.

தப்பினா என்ன ஆகும்? ஒரே பொருள், ஒரே பின்னல்னா, கயிறோட பலம் கிட்டத்தட்ட விட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். 24 மி.மீ.க்குப் பதிலா 8 மி.மீ. வந்தா விட்டம் மூணுல ஒரு பங்கு, பலம் ஒன்பதுல ஒரு பங்கு. காத்து பலமா அடிச்சா முதல்ல அறுபடுறது அதுதான். தலைகீழா, 3 இன்ச்சை விட்டம்னு நினைச்சு அனுப்பிட்டா 76 மி.மீ. கயிறு வந்து நிக்கும். கப்பிக்குள்ளயே நுழையாது.

கையில சாம்பிள் இருந்தா அளந்தே பார்த்துடலாம். ஆனா மூணு புரி கயித்துல வெர்னியரோட ஒல்லியான தாடை புரிகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல உட்கார்ந்துடும், அளவு குறைவா காட்டும். அகலமான பேப்பர் பட்டையைக் கயித்தைச் சுத்தி இறுக்கமா வெச்சு, விளிம்பு சேர்ற இடத்துல கோடு போட்டு, பிரிச்சு ஸ்கேல்ல அளங்க. அதுதான் சுற்றளவு. தேய்ஞ்ச பழைய கயித்தை மட்டும் சாம்பிளா எடுக்காதீங்க, இழுபட்டு மெலிஞ்சிருக்கும்.

கடைசியா ஆர்டர்ல நான் எழுதினது இதுதான்: "சுற்றளவு 3 இன்ச் (விட்டம் 24 மி.மீ.)." ரெண்டையும் சேர்த்து எழுதிட்டா, ஒண்ணு தப்பா இருந்தாலும் சப்ளையரே போன் பண்ணிக் கேட்டுடுவார்.