தேதி மாறினால் யாரிடம் முதலில் சொல்வது?

கேள்வி: மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக 12 முதல் 14 வரை லீவு வாங்கியிருந்தேன். விசேஷம் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. பழைய லீவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகக் கேட்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். அந்த மூன்று நாள் உங்கள் டூட்டியைப் பார்க்க ஒப்புக்கொண்டவரிடம் முதலில் பேசுங்கள். அவர் அதற்காகத் தன் வார ஓய்வை மாற்றியிருக்கலாம், மாற்றிய ஓய்வு நாளில் ஊருக்குப் போக டிக்கெட்டும் எடுத்திருக்கலாம். அப்படியானால் 12 முதல் 14 வரை அவரே பார்க்கட்டும். நீங்கள் அவருடைய வேறொரு டூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 19 முதல் 21 வரையிலான டூட்டி அட்டவணையைப் பாருங்கள். ஏற்கெனவே ஒருவர் லீவில் இருந்தால், மூன்று நாள் கேட்காமல் விசேஷத்தன்று மட்டும் கேளுங்கள். அதற்கு டூட்டி பார்க்க ஒருவரிடம் பேசி வைத்தபின் சூப்பர்வைசரிடம், “இந்தத் தேதிக்குப் பதில் அந்தத் தேதி, இன்னார் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்” என்று ஆளோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் தேதியைச் சொன்னால் ஆள் தேடும் வேலை அவர் தலையில் விழும். எரிச்சலும் அங்கேதான் தொடங்கும்.

அவர் சரி என்றபின் பழையதை ரத்து செய்து, புதியதைப் பதியுங்கள். 12-ஆம் தேதிக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். தேதி கடந்துவிட்டால் பல அலுவலகங்களில் நாமே ரத்து செய்ய முடியாது. வேலைக்கு வந்தும் கணக்கில் லீவாக நிற்கும்; ஹெச்.ஆர். பின்னால் அலைய வேண்டும். மாதக் கடைசியில் லீவு இருப்பு சரியாகத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.