தேடினால் கிடைக்கும் வணிக மின்னஞ்சல்

கேள்வி: ஜிமெயிலில் வரும் வணிகக் கடிதங்களை எப்படிப் பிரித்து, எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: ஒரு கடிதம் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் கோப்புறையைப் போலன்றி, ஜிமெயிலின் லேபிள் என்பது கடிதத்தின் மேல் ஒட்டப்படும் அடையாளச் சீட்டாதலால், ஒரே கடிதத்திற்குப் பல லேபிள்களை இடலாம். ஆயினும் கடிதம் ஒன்றே என்பதால், ஒரு லேபிளின் கீழ் அதை அழித்தால் எல்லா லேபிள்களிலிருந்தும் மறைந்து, குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்தபின் நிரந்தரமாக நீங்கிவிடும். பலர் பதறுவது இங்கேதான்.

லேபிளின் பெயரில் நிதியாண்டு இருப்பதே சிறந்தது. சான்றாக, 2023-24ஆம் ஆண்டின் கொள்முதல் பில்கள் வந்த கடிதங்களுக்கு `gst-2023-24` என்று பெயரிட்டால், கீழ்க்காணும் தேடல் இணைப்புள்ளவற்றை மட்டும் திரட்டித் தரும்:

```
label:gst-2023-24 has:attachment
```

ஜிமெயில் சொல்லின் பாதியைக் கொண்டு தேடுவதில்லை என்பதால், பில் எண்ணின் ஒரு துண்டை மட்டும் நம்பித் தேடுவோர் கடிதமே இல்லை என்று தவறாக முடிவு செய்வதுண்டு.

ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஆவணங்களைக் காக்கச் சொல்கிறது. 2023-24க்கு அந்நாள் 2024 டிசம்பர் 31 ஆகையால், `keep-2030-12` என்னும் இரண்டாம் லேபிளையும் இட்டுவைத்தால், எப்போது அழிக்கலாம் என்பது கடிதத்திலேயே தெரியும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அது முடிந்து ஓராண்டு ஆகும்வரை அக்கடிதங்களைத் தொடவே கூடாது.