திரையில் ஒரு பெயர், சுவரில் ஒரு பெயர்

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலீசியில் என் அக்கா மகள் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது முகவரியை ஜார்ஜிய எழுத்திலேயே அனுப்பியிருந்தாள்: ვაჟა-ფშაველას III კვარტალი, კორპუსი 12. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அதனால் போனில் மேப்பை ஆங்கிலத்துக்கு மாற்றி, அவள் அடிக்கடி சொல்லும் தெருப்பெயரையும் எண்ணையும் மட்டும் தட்டினேன்: Vazha Pshavela 12. டாக்சி என்னை ஒரு பல் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவளுக்குப் போன் போட்டேன்.

“சித்தி, நீங்க நிக்கிறது மெயின் ரோட்டுல 12-ஆம் நம்பர். நான் இருக்கிறது மூணாவது க்வர்தாலியில 12-ஆவது கோர்புசி. நான் அனுப்பினதை அப்படியே காப்பி பண்ணிப் போட்டிருந்தா நேரா இங்க வந்திருப்பீங்க!”

அவள் சொன்னது முழுக்கச் சரி. வெளிநாடு போகும் நம் ஆட்கள் மேப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பல நம்பிக்கைகள் இந்த ஒரு தவறில் வந்து முட்டுகின்றன.

நம்பிக்கை: மொழியை மாற்றிவிட்டால் மேப்பில் எல்லாப் பெயர்களும் நமக்குப் புரியும் எழுத்தில் வந்துவிடும்.

கூகுள் மேப்ஸில் நம் படத்தைத் தொட்டு, Settings-க்குள் போனால் App language என்று ஒன்று இருக்கிறது. ஐபோனில் போனின் அமைப்புகளுக்குள் போய், அந்த ஆப்புக்கான மொழியை மாற்ற வேண்டும். இதில் உறுதியாக மாறுவது ஆப்பின் பொத்தான்களும் அறிவிப்புகளும்தான். மேப்பின் மேல் எழுதியிருக்கும் பெயர் மாறுமா என்பது, அந்த இடத்துக்கு நாம் கேட்கும் மொழியில் யாராவது ஒரு பெயரை ஏற்றி வைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொதுவரைபடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் அது. அதில் ஒரு தெருவின் பெயர் இந்த மாதிரி வரிகளாகச் சேமிக்கப்படுகிறது:

```
name=ვაჟა-ფშაველას გამზირი
name:en=Vazha-Pshavela Avenue
```

முதல் வரி அந்த ஊர்க்காரர்கள் எழுதும் பெயர். இரண்டாவது ஆங்கிலப் பெயர். தமிழ் வேண்டுமென்றால் `name:ta` என்று மூன்றாவது வரி இருக்க வேண்டும். நாடுகளுக்கும் பெரிய நகரங்களுக்கும் அந்த வரியை யாராவது எழுதியிருப்பார்கள். அயல்நாட்டு ஊரின் மூன்றாவது குறுக்குச்சந்துக்கு அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வரி இல்லாத இடத்தில் ஆப் உள்ளூர் எழுத்தையே காட்டும், அல்லது ஒலிபெயர்த்து ஆங்கில எழுத்தில் காட்டும். மொழியைத் தமிழுக்கு மாற்றிய பிறகும் பாதி மேப் ஜார்ஜிய எழுத்தில் நிற்பது போனின் கோளாறு இல்லை.

என்னைக் கேட்டால், உள்ளூர் எழுத்து நிற்பதே நல்லது. ஓஸ்மாண்ட் என்ற ஆப்பில் Configure map என்ற பட்டியலுக்குள் Map language இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தாலும், கூடவே உள்ளூர்ப் பெயரையும் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். திரையில் கொஞ்சம் நெரிசலாக இருக்கும். ஆனால் சுவரில் இருக்கும் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த உள்ளூர்ப் பெயர்தான் உதவும். அதை அழித்துவிட்டால் கையில் இருக்கும் மேப்புக்கும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் தெருவுக்கும் தொடர்பே அறுந்துபோகும்.

நம்பிக்கை: ஆஃப்லைன் மேப்பை டவுன்லோட் செய்துவிட்டால் இணையம் இருப்பதுபோலவே எல்லாம் வேலை செய்யும்.

கூகுள் மேப்ஸில் Offline maps என்ற இடத்தில் ஒரு சதுரத்தை இழுத்து ஊரை அடக்கி, இறக்கி வைத்துக்கொள்கிறோம். இணையம் இல்லாதபோது அது கார் ஓட்டும் வழியை மட்டுமே சொல்லும். நடந்து போகும் வழி, பேருந்து, மெட்ரோ வழி எதுவும் வராது. போக்குவரத்து நெரிசலும் மாற்று வழிகளும் தெரியாது. சுற்றுலா போகிறவர் பெரும்பாலும் நடக்கிறவர்தான். அவருக்கு வேண்டியதே இதில் இல்லை. இறக்கி வைத்த மேப்பைப் புதுப்பிக்காமல் விட்டால் காலாவதியும் ஆகிவிடும். சில நாடுகளில் இறக்கவே அனுமதி இல்லை. ஆகவே விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது. வீட்டு வைஃபையில் முந்தைய நாளே செய்துவிட வேண்டும்.

ஓஸ்மாண்டும் ஆர்கானிக் மேப்ஸும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. இணையம் இல்லாமலே நடைவழியும் காட்டும். நான் இரண்டு வகையையும் வைத்துக்கொள்கிறேன். இறக்கிய பிறகு ஒரு சோதனை செய்வது என் வழக்கம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, தங்கப்போகும் இடத்தைத் தேடி, அங்கிருந்து ஒரு மெட்ரோ நிலையத்துக்கு நடைவழி கேட்பேன். வழி வந்தால் போதும். வராவிட்டால் என்ன குறை என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

நம்பிக்கை: சிம் இல்லை என்றால் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி வராது.

வரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்புவதைப் போன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு டேட்டா தேவையில்லை. டேட்டா இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைப் போன் இணையத்திலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். இல்லாதபோது அதையும் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். செயற்கைக்கோள் அதை நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. விமானத்திலிருந்து இறங்கியதும் புள்ளி பழைய ஊரிலேயே நின்றால், திறந்த வானத்துக்குக் கீழே ஓரிரு நிமிடம் நின்று பாருங்கள். மெட்ரோ சுரங்கத்துக்குள் நின்று தேடினால் வராது.

நம்பிக்கை: ஆங்கில எழுத்தில், இல்லையென்றால் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். உள்ளூர் எழுத்தைப் படிக்கத் தேவையில்லை.

இந்த நம்பிக்கைதான் மற்றவற்றைவிட அதிகம் அலைய வைக்கிறது.

ஆங்கிலத்தில் K என்றும் தமிழில் ‘க’ என்றும் எழுதிவிடும் ஒலிக்கு ஜார்ஜிய மொழியில் மூன்று தனித்தனி எழுத்துகள் உண்டு. மலையடிவார ஊரான கஸ்பேகி ყაზბეგი. மேற்கே உள்ள குத்தாயிசி நகரம் ქუთაისი. திராட்சைக்குப் பேர்போன கஹேத்தி மாநிலம் კახეთი. முதல் எழுத்தைப் பாருங்கள், மூன்றும் வேறு. ஆங்கிலத்தில் மூன்றும் K, தமிழில் மூன்றும் க. திதூபே பேருந்து நிலையத்தில் கஸ்பேகி போகும் வேனும் குத்தாயிசி போகும் வேனும் ஒரே வளாகத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ‘மர்ஷ்ருத்கா’ என்கிற அந்த வேன்களின் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் அட்டையில் பெரும்பாலும் ஜார்ஜிய எழுத்து மட்டும்தான். தமிழில் எழுதிய சீட்டு அங்கே எதற்கும் உதவாது.

படிப்பது மலைப்பாகத் தோன்றும். ஆனால் மொத்தம் 33 எழுத்துகள்தான். நம் ‘க’ போல இடத்துக்கு இடம் ஒலி மாறும் எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுதியதை அப்படியே வாசிக்கலாம். அன்றாட எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் கிடையாது. பலகைகளில் சில சமயம் எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அது தலைப்புகளுக்கான வடிவம், எழுத்து அதேதான். இதை அறியாமல் போனில் இருக்கும் பெயரும் சுவரில் இருக்கும் பெயரும் வேறு என்று நானே முதல் நாள் நினைத்துவிட்டேன்.

முழு எழுத்தும் கற்க நேரமில்லை என்றால் முதலில் ஒரு சொல்லைப் பழகுங்கள்: ქუჩა. வாசிப்பது ‘குச்சா’, பொருள் தெரு. சிலுவைபோல் குறுக்குக்கோடு போட்டிருப்பது க், அடுத்தது உ, பிறகு ச்ச், கடைசியில் அ. பிறகு გამზირი, ‘கம்சீரி’, பெரிய சாலை. მოედანი, ‘மொயெதானி’, சதுக்கம். எந்தப் பலகையிலும் இந்தச் சொற்களில் ஒன்றை அடையாளம் கண்டுவிட்டால் அதற்கு முன்னால் இருப்பது பெயர் என்று தெரிந்துவிடும். ი-க்கு மேலே ஒரு வளைவு, ო-க்கு இரண்டு வளைவு. அதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பெயரின் கடைசியில் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டு வரும். ருஸ்தவேலி என்ற கவிஞரின் பெயரிலுள்ள சாலை ‘ருஸ்தவேலிஸ் கம்சீரி’. நாம் ‘ருஸ்தவேலியின் சாலை’ என்று ‘இன்’ சேர்ப்போமே, அதே வேலைதான். மேப் Rustaveli என்று காட்ட, பலகையில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம்.

என் அக்கா மகளின் முகவரிக்கு இப்போது திரும்பலாம். ვაჟა-ფშაველას என்பது வாஷா-ப்ஷாவெலா என்ற கவிஞரின் பெயர், கடைசியில் அந்த ‘ஸ்’. அதன் பின்னால் ქუჩა-வும் இல்லை, გამზირი-யும் இல்லை. III კვარტალი என்று இருக்கிறது. க்வர்தாலி என்றால் குடியிருப்புத் தொகுதி, கோர்புசி என்றால் கட்டடம். சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அடுக்குமாடிகளின் எண் அது, சாலை எண்ணோடு சம்பந்தமே இல்லை. நான் அந்த இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு 12-ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன். முகவரியை அனுப்பியவர் எழுதிய எழுத்திலேயே காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டினால் இந்தப் பிழைக்கு இடமில்லை. நான் கூடவே அதை ஒரு ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்தும் வைத்துக்கொள்கிறேன். ஓட்டுநரிடம் காட்டுவதற்கு அதுதான் சரி, என் உச்சரிப்பு அல்ல.

நம்பிக்கை: மேப்பில் இருக்கும் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் உள்ளூர்க்காரருக்குப் புரியும்.

திபிலீசி நகரின் நடுவே உள்ள சதுக்கத்தை மேப் Liberty Square என்றோ Freedom Square என்றோ காட்டும். அங்கே வழி கேட்கும்போது ‘தவிசுப்லெபிஸ் மொயெதானி’ என்று சொல்ல வேண்டும். மொழிபெயர்த்த பெயரும் ஒலிபெயர்த்த பெயரும் வேறு வேறு. மேப் எதைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கேமராவால் பலகையைப் படித்துச் சொல்லும் ஆப்பிலும் இதே சிக்கல்தான். பெயரின் பொருளைச் சொல்லிவிட்டு ஒலியை விட்டுவிடும்.

கஸ்பேகிக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் 2006-லேயே ஸ்தெபன்த்ஸ்மிந்தா என்று மாறிவிட்டது. மேப்பில் Stepantsminda என்றுதான் பார்ப்பீர்கள். திதூபேயில் ஓட்டுநர்கள் இன்னும் “கஸ்பேகி, கஸ்பேகி” என்றே கூவுகிறார்கள். அந்த ஊருக்குப் போன அன்று காலை கண்ணாடிக்குள் இருந்த அட்டையில் ყ என்ற முதல் எழுத்தைப் பார்த்துத்தான் நான் வண்டியில் ஏறினேன்.