மெல்ல எரியும் வளிமம்

நுழையும்முன்

அறைக் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் ‘ஆர்-32’ என்னும் பெயரும், அதனருகே தீச்சுடர் வரைந்த சிறு முக்கோணமும் இப்போது காணப்படுகின்றன. பழைய பெட்டிகளில் அந்தச் சுடர் இல்லை. குளிரைத் தரும் கருவியின்மீது நெருப்பின் அடையாளம் ஏன் வந்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பிரிந்த இணை

குளிர்சாதனத்தின் செப்புக்குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிவரும் பொருளுக்குக் குளிர்பதனி என்று பெயர். அறைக்குள் அது ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் மீண்டும் நீர்மமாகும்போது அவ்வெப்பத்தை விட்டுவிடுகிறது. நெடுங்காலம் இவ்வேலையைச் செய்துவந்தது ஆர்-22. அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்த வழியில் அதனைப் படிப்படியாகக் கைவிட உலக நாடுகள் இசைந்தன.

அதன் இடத்திற்கு வந்தது குளோரின் இல்லாத ஆர்-410ஏ. இது தனிப்பொருள் அன்று; இரண்டு வளிமங்களின் கலவை. எடையில் ஒரு பாதி ஆர்-32, மறுபாதி ஆர்-125. இவ்விரண்டனுள் ஆர்-32 எரியக்கூடியது, ஆர்-125 எரியாதது. எரியாதது எரிவதைத் தடுத்து நின்றமையால் கலவை முழுவதும் தீப்பற்றாப் பொருளாக விளங்கியது.

ஆனால், காவலாக நின்ற அந்த ஆர்-125தான் புவியை மிகுதியாகச் சூடாக்குவது. ஒரு கிலோ கரியமில வாயு நூறு ஆண்டுகளில் விளைக்கும் வெப்பத்தை ஒன்று எனக் கொண்டால், ஆர்-32 ஒரு கிலோ விளைப்பது 675. ஆர்-125 விளைப்பது 3500. கலவையின் மதிப்பு 2088. 2016ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, இத்தகைய வளிமங்களைக் குறைப்பதும் அதன் கடமையாயிற்று. இந்தியா அத்திருத்தத்தை 2021இல் ஏற்றது. 2032இல் குறைப்பைத் தொடங்கி, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது நம் நாட்டிற்கு வகுக்கப்பட்ட கணக்கு.

ஆகவே, ஆர்-125 நீக்கப்பட்டது. ஆர்-32 தனித்து நிறுத்தப்பட்டது. ஜப்பானில் 2012ஆம் ஆண்டு டைக்கின் நிறுவனம் இதனைப் பயன்படுத்திய வீட்டுக் குளிர்சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆர்-32 நமக்குப் புதியதன்று. பழைய பெட்டியிலும் பாதியாக இருந்ததே. புதியது, அதனைத் தடுத்து நின்ற துணை இல்லாமையே ஆகும்.

எவ்வளவு எரியும்?

சமையல் எரிவாயு காற்றில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். ஆர்-32க்கு 14 விழுக்காட்டிற்கு மேல் வேண்டும். எரியத் தொடங்கினாலும் அதன் சுடர் நொடிக்குச் சுமார் 7 செ.மீ. வேகத்திலேயே பரவும். நொடிக்கு 10 செ.மீ.க்கு மிகாத வேகமுடையவற்றை ‘ஏ2எல்’ என்னும் வகையில் சேர்க்கின்றனர். ‘மெல்ல எரியும்’ என்பதன் பொருள் இதுவே, எரியாது என்பதன்று.

நாங்குநேரியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். மொட்டைமாடிக்குக் கீழுள்ள படுக்கையறை, நீளம் 3.5 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரமும் 3 மீட்டர். சித்திரை வெயிலில் கூரை இரவிலும் தணிவதில்லை என்பதால் 0.9 கிலோ ஆர்-32 கொண்ட குளிர்சாதனம் ஒன்று சுவரில் பொருத்தப்படுகிறது. அந்த வளிமம் முழுவதும் கசிந்து அறையெங்கும் சீராகக் கலந்தால், ஒரு கனமீட்டருக்கு 0.03 கிலோவும் இராது. எரிவதற்குத் தேவையானதோ 0.307 கிலோ. பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இக்கணக்கோடு நின்றுவிட்டால் அச்சத்திற்கு இடமில்லை. ஆனால், ஆர்-32 காற்றைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியானது. கதவும் சன்னலும் அடைத்து, காற்று அசையாத அறையில் கசிந்தால் அது தரையை நோக்கி இறங்கும். அந்த 0.9 கிலோவும் தரையிலிருந்து கால் மீட்டர் உயரத்திற்குள் தங்கிவிட்டால் ஒரு கனமீட்டருக்கு 0.34 கிலோ ஆகிவிடும். எரியும் எல்லை கடந்துவிட்டது! அறை அதே அறை, வளிமமும் அதே அளவு. பரவிய விதம் மட்டுமே மாறியது.

இதனால்தான் பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகள் வளிமத்தின் எடையை அறையின் தரைப்பரப்போடும், கருவி பொருத்தப்படும் உயரத்தோடும் இணைத்துக் கணக்கிடுகின்றன. உயரத்திலிருந்து கசியும் வளிமம் விழும்வழியில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். மேற்கூறிய அறையில், சுவரில் உயரத்தே பொருத்தப்படும் கருவிக்கு அக்கணக்கு மூன்று கிலோவுக்கு மேல் இடந்தருகிறது. தரையில் நிற்கும் கருவியாயின் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1.1 கிலோதான். வெளிப்பெட்டியை மாடியில் வைக்கக் குழாயைப் பத்து மீட்டர் கூடுதலாக இழுத்து, நிறுவனம் சொன்னபடி மீட்டருக்கு 20 கிராம் வீதம் சேர்த்தால் 0.9 என்பது 1.1 ஆகும். சுவர்க்கருவிக்கு இது பொருட்டன்று; தரைக்கருவிக்கு எல்லையை எட்டிவிட்டது. எனவே, கூடுதல் வளிமத்தைக் கைமதிப்பில் நிரப்பாமல் தராசில் நிறுத்தே நிரப்புதல் வேண்டும்.

பொருத்துபவரின் கை

கசிவு பெரும்பாலும் இணைப்பில்தான் பிறக்கிறது. செப்புக்குழாயின் வாயை நாகசுர அணசு போல் விரித்து மரையால் இறுக்குவர். பணியாளர் இதனை ‘ஃபிளேர்’ என்பர். குழாயை வெட்டிய பிசிறு உள்ளே தங்கினாலும், மரையை அளவுக்கு மீறி முறுக்கினாலும் அவ்விடம் பின்னாளில் விரிசல் காணும். முறுக்குவிசை காட்டும் திருகியைப் பயன்படுத்துவது இதற்காகவே. கருவியை வேறு வீட்டிற்கு மாற்றும்போது, அறைக்குள் வரும் பழைய விரிவாயை மீண்டும் பூட்டாமல் வெட்டி நீக்கிப் புதிதாக விரிக்க வேண்டும். இயன்றவரை இணைப்புகள் சுவருக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் அமைவது நன்று.

குழாய்களை இணைத்தபின் உலர் நைட்ரஜனை அழுத்தி, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா எனப் பார்ப்பர். நைட்ரஜனுக்கு மாற்றாக ஆக்சிஜனை ஒருபோதும் செலுத்தலாகாது. குழாயிலுள்ள எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கும். அடுத்து வெற்றிடப் பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பர். பம்பை நிறுத்தியபின் அளவியின் முள்ளைக் கவனித்தல் வேண்டும். முள் சற்றே ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் எஞ்சியுள்ளது. நில்லாமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ துளை உள்ளது.

பழைய வழக்கம் ஒன்றுண்டு. பம்பு கொண்டுவராத பணியாளர் வால்வைச் சிறிது திறந்து, உள்ளிருக்கும் வளிமத்தைக் கொண்டே குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிவிடுவார். ஐந்து நிமிட வேலை. ஆர்-22 காலத்தில் இது வளிமத்தை வீணாக்கும் குறையாக மட்டுமே எண்ணப்பட்டது. இன்றோ எரியும் வளிமத்தை ஆள்நிற்கும் இடத்தில் திறந்துவிடுவதாகும். ஈரமும் முழுமையாக நீங்குவதில்லை. ஆர்-22க்கென அமைந்த பழைய பெட்டியில் ஆர்-32ஐ நிரப்புவது அதனினும் தவறு. இதன் அழுத்தம் அதைவிட மிகுதி. பழைய பெட்டியின் மின்பகுதிகளும் எரியும் வளிமத்தை எண்ணி வடிவமைக்கப்பட்டவை அல்ல.

சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்த மணம் சேர்க்கப்படுகிறது. ஆர்-32இல் அவ்வாறு எதுவும் சேர்க்கப்படுவதில்லை. குளிர் குறைதல், மெல்லிய குழாயில் பனி படிதல், இணைப்பருகே எண்ணெய்க் கறை தோன்றுதல் ஆகியவையே வீட்டார் காணக்கூடிய குறிகள். அவற்றைக் கண்டால் கதவையும் சன்னலையும் திறந்து, அறையில் எரியும் விளக்கு, அடுப்பு முதலியவற்றை அப்புறப்படுத்துதல் வேண்டும். தீப்பற்றும் அளவு கசியாவிடினும், சுடரின் வழியே செல்லும் இவ்வளிமம் சிதைந்து ஹைட்ரஜன் புளோரைடாகும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். பழுதுபார்ப்பவர் வளிமத்தை முற்றிலும் மீட்டெடுத்து, குழாயில் நைட்ரஜனைச் செலுத்திய பின்னரே பற்றவைப்புச் சுடரை அருகில் கொண்டுவருதல் வேண்டும்.