கொல்லம் ஆண்டும் ஆங்கில ஆண்டும்: கணக்குப் பாடம்

கீரனூர்ப் பக்கம் வருடம் பிறப்பது சித்திரையில். அய்யா வைகுண்டர் வாழ்ந்த திருவிதாங்கூரில் நடப்பிலிருந்த கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் ஆண்டுகள் எல்லாம் கொல்லம் ஆண்டுகளே. இந்த வேறுபாடு தெரியாதவர்கள் கணக்கில் ஒரு வருடம் தவறிவிடுகிறார்கள்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்கியது. ஆகவே கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதிதான் சரி. ஆவணி பிறப்பது ஆகஸ்ட் மாத நடுவில். ஆங்கில வருடம் மாறுவது மார்கழி நடுவில். ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824 கூட்ட வேண்டும். அதன் பின் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும்.

அவதாரத் திருநாளைப் பாருங்கள். கொல்லம் 1008, மாசி 20. மாசி, மார்கழிக்குப் பின் வருவது. 1008 + 825 = 1833. அந்நாள் 1833 மார்ச் 1. அய்யா வைகுண்டம் சென்றது 1026 வைகாசி 21. வைகாசிக்கும் 825 தான். 1851 என்று வருகிறது.

இனி அகிலத்திரட்டுக்கு வருவோம். அரிகோபாலன் சீடர் அதை ஏட்டில் எழுதத் தொடங்கியது 1016 கார்த்திகை 27. பல இடங்களில் இதை 1841 என்று எழுதியிருப்பதைக் காணலாம். 1016-உடன் 825 கூட்டினால் அப்படித்தான் வரும். ஆனால் கார்த்திகை, மார்கழிக்கு முந்திய மாதம். 1016 + 824 = 1840. அந்த ஆண்டு டிசம்பர் மாதமே சரி. 1841 டிசம்பர் என்றால், அதற்குள் ஆவணி கடந்து கொல்லம் 1017 பிறந்திருக்கும். விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் பிழை இப்படித் தானே தெரிந்துவிடும்.

மாசி 20 இப்போது மார்ச் 3 அல்லது 4-இல் வருகிறதே, 1833-இல் மட்டும் மார்ச் 1 எப்படி என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நம் சூரிய வருடம் ஆங்கில வருடத்தைவிட ஏறத்தாழ 23 நிமிடம் நீளம். அறுபது ஆண்டுக்குச் சற்று மேல் போனால் ஒரு நாள் தள்ளும். 190 ஆண்டில் மூன்று நாள் தள்ளியிருக்கிறது. ஆகவே பழைய தேதிக்கு இன்றைய நாட்காட்டியை வைத்து ஆங்கில நாளைச் சொல்லக் கூடாது.

கி.மு. வரும் கேள்வியில் வேறொரு கவனம் வேண்டும். கலியுகம் பிறந்தது கி.மு. 3102 என்பது பஞ்சாங்கக் கணக்கு. அதிலிருந்து கி.பி. 1833 வரை எத்தனை ஆண்டு? இரண்டையும் கூட்டினால் 4935. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் 0 என்றோர் ஆண்டு இல்லை. அதனால் ஒன்றைக் கழிக்க வேண்டும். விடை 4934.

பயிற்சி: கொல்லம் 1008 ஐப்பசி எந்த ஆங்கில ஆண்டு? ஐப்பசி மார்கழிக்கு முன், 824 கூட்டுக. விடை 1832. அதே கொல்லம் ஆண்டின் மாசியில்தான் அவதாரம், அது 1833.

அய்யா உண்டு.